கல்முளை எழுதிவைத்த மழைக்கணக்கு

விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்க்கும் இடம் போரா குகை. உள்ளே நுழைந்ததும் கூட்டம் நேராக லிங்க வடிவில் வளர்ந்து நிற்கும் கல்லை நோக்கி நகர்ந்துவிட்டது. நான் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றேன். தலைக்கு மேலே விரல் பருமனில் ஒரு கல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு துளி திரண்டது. கனத்தது, சற்றே நீண்டது, நடுங்கியது, விழுந்தது. அடுத்த துளி எப்போது வரும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆயிற்று. கீழே அந்தத் துளி விழுந்த இடத்தில், குட்டையான மெழுகுவர்த்தி போல இன்னொரு கல் ஈரமாகப் பளபளத்துக்கொண்டு நின்றது.

மேலே தொங்குவதைக் கல்விழுது என்றும் கீழிருந்து எழுவதைக் கல்முளை என்றும் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஸ்டாலக்டைட், ஸ்டாலக்மைட் என்ற பெயர்களில் எது மேலே, எது கீழே என்று தேர்வு நேரத்தில் குழம்பியவர்களுக்குத் தமிழ்ப் பெயர்களில் அந்தத் தொல்லை இல்லை. விழுது தொங்கும், முளை எழும்பும். இவை இரண்டும் துளித் துளியாக வளர்கின்றன என்பதையும் அங்கேயே படித்தோம். ஆனால் ஒரு துளி தண்ணீர் கல்லை எப்படிச் சுமந்து வருகிறது, ஏன் அதை அந்த இடத்தில் இறக்கிவைக்கிறது, அப்படி இறக்கிவைத்ததில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மழையைப் பற்றிய செய்தி எப்படித் தங்குகிறது என்பதெல்லாம் பாடப்புத்தகம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும் விஷயங்கள்.

வீட்டிலேயே தொடங்கலாம். போர் தண்ணீர் வரும் வீடுகளில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒன்று ஏடு கட்டும். ஹீட்டர் காயிலைச் சுற்றியும் அது படிந்திருக்கும். புளியோ வினிகரோ போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்த வெள்ளைப் படிவும் குகையில் தொங்கும் கல்லும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். அது படிவதற்கான காரணமும் ஒன்றே. தண்ணீர் வற்றியதால் உப்பு மிஞ்சியது என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் தண்ணீர் வற்றுவதற்கு முன்பே, சூடேறும்போதே, அதில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது. அந்த வாயு இருந்தவரையில்தான் தண்ணீரால் கல்லைக் கரைத்து வைத்துக்கொள்ள முடிந்தது. வாயு போனதும் கல் படிகிறது.

குகையில் இதே வேலை அடுப்பு இல்லாமல் நடக்கிறது. மழைத் துளி காற்றில் வரும்போது அதில் சேரும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம்தான். காற்றிலேயே அது 0.04 சதவீதம்தான் இருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் நிலைமை வேறு. அங்கே வேர்கள் மூச்சு விடுகின்றன, நுண்ணுயிரிகள் சருகைத் தின்று செரிக்கின்றன. அதனால் மண் இடுக்குகளில் உள்ள காற்றில் இந்த வாயு வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குகூட இருக்கும். மண்ணைக் கடந்து இறங்கும் தண்ணீர் இதை உறிஞ்சிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. பிறகு சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் நுழைந்து, போகும் வழியில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. மேலே காடு இருந்தால் மண் நன்றாக மூச்சு விடும். தண்ணீரும் அதிகக் கல்லைச் சுமந்து வரும். ஆகவே குகைக்குள் வளரும் கல்லின் கதை மேலே நிற்கும் மரத்தின் வேரில் தொடங்குகிறது.

இப்படி நிறைந்து வரும் தண்ணீர் குகையின் கூரையில் எட்டிப் பார்க்கும்போது, அங்குள்ள காற்றில் கார்பன் டை ஆக்சைடு மண்ணில் இருந்ததைவிடக் குறைவாக இருக்கிறது. கோலி சோடாவில் கோலியை உள்ளே தள்ளியதும் என்ன நடக்கிறதோ அதுவே இங்கும், ஆனால் ஓசையில்லாமல், நிதானமாக நடக்கிறது. துளியிலிருந்து வாயு வெளியேறுகிறது. சுமக்க முடியாமல் போன கல்லின் ஒரு பகுதியைத் தண்ணீர் கால்சைட் படிகமாக இறக்கிவைக்கிறது. குகைக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய முழுமையாக இருப்பதால் நீர் ஆவியாவதற்கு அங்கே பெரிய வேலை இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய மேம்பாலங்களின் அடியிலும், ஒழுகும் கான்கிரீட் தளங்களின் கீழும் வெள்ளைக் குழல்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கக் கல்விழுது போலவே இருக்கும். ஆனால் அங்கே வேதியியல் தலைகீழ். சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்பு நீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்துக்கொண்டு படிகிறது. அதனால்தான் அது சில ஆண்டுகளிலேயே சாண் அளவு வளர்ந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, குகையில் இருப்பதும் இதே வேகத்தில் வளர்ந்திருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

குகையில் வேகம் எவ்வளவு? நான் போராவில் பார்த்த துளியை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் ஆண்டுக்கு 5,25,600 துளிகள். பத்துத் துளி சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் சொட்டியது ஏறத்தாழ 53 லிட்டர். நாலு குடம் தண்ணீர்கூட இல்லை. ஒரு லிட்டர் நீர் 50 மில்லிகிராம் கால்சைட்டை விட்டுச் செல்கிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 2.6 கிராம் ஆகிறது. அதன் பருமன் ஏறத்தாழ ஒரு கன சென்டிமீட்டர். இது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கல்முளையின் தலையில் பரவினால் கிடைக்கும் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஆயிரம் ஆண்டு சொட்டினால் ஒரு சாண் உயரத்தைக்கூட எட்டாது. நான் வைத்துக்கொண்ட அளவுகள் குகைக்குக் குகை மாறும். ஆனால் உலகின் பல குகைகளில் கல்முளைகள் உண்மையில் வளரும் வேகம் இந்த எல்லைக்குள்தான் வருகிறது: ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை.

கல்விழுது முதலில் விழுதாகப் பிறப்பதில்லை, குழலாகப் பிறக்கிறது. கூரையில் தொங்கும் துளியின் விளிம்பில் கல் வளையமாகப் படிகிறது. துளி விழுகிறது, வளையம் நிற்கிறது. அடுத்த துளி அந்த வளையத்தின் நடுவே இறங்கி, அதன் கீழ் விளிம்பில் இன்னொரு வளையத்தைச் சேர்க்கிறது. இப்படியே இளநீருக்குப் போடும் உறிஞ்சுகுழல் போல ஒன்று நீள்கிறது. அதன் விட்டம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், அதாவது தொங்கும் துளியின் அகலம். என்றாவது ஒருநாள் மணலோ படிகமோ அந்தக் குழலை அடைத்துவிடும். அப்போது தண்ணீர் வெளிப்புறமாக வழியத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் அது தடித்து, மேலே பருத்து கீழே கூம்பிய முள்ளங்கி வடிவத்தை அடைகிறது.

கல்முளைக்குள் குழல் கிடையாது. விழுந்த துளி அதன் தலையில் சிதறி மெல்லிய நீர்ப்படலமாகப் பரவுகிறது. மீதமிருந்த வாயுவை அங்கே இழக்கிறது. கல்லை ஏடு ஏடாகப் படியவைக்கிறது. அடுக்கிவைத்த தோசைகளைப் போல ஒவ்வொரு ஏடும் முந்தையதன் மேல் உட்காருகிறது. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வளைந்து இறங்கும். பழைய மழையைத் தேடும் விஞ்ஞானிகள் கல்விழுதை விட்டுவிட்டுக் கல்முளையையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இந்த ஒழுங்குதான். விழுதில் படிவுகள் நீளத்திலும் குறுக்கிலும் ஒரே நேரத்தில் வளர்ந்திருக்கும்; எந்த ஏடு எதற்குப் பின் வந்தது என்று பிரிப்பது கடினம். முளையில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது, ஐயத்துக்கு இடமில்லை. அதிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனில் மெழுகுவர்த்தி போல் நிற்கும் கல்முளை கிடைத்தால் அவர்களுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. துளி நெடுங்காலம் இடம் மாறாமல், வேகம் பெரிதாக மாறாமல் விழுந்திருக்கிறது என்பதற்கு அந்த வடிவம் சாட்சி.

கல்முளையை நெட்டுக்குத்தாக இரண்டாக அறுத்து மெருகேற்றினால் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் தெரியும். மரத்தின் வளையங்களைப் போல, தடித்த கோடு நல்ல மழை, மெலிந்த கோடு பஞ்சம் என்று படித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஏட்டின் தடிப்பு பல காரணங்களால் மாறும். குகையில் காற்றோட்டம் நன்றாக இருந்த ஆண்டில் வாயு வேகமாக வெளியேறி ஏடு தடிக்கும். மேலே காடு அழிந்தால் மழை பெய்தாலும் ஏடு மெலியும். மழை மிக அதிகமாகி, தண்ணீர் பாறைக்குள் தங்காமல் விரைந்து ஓடி வந்தால், கரைத்து எடுத்துவர அதற்கு நேரமே இருக்காது. அப்போதும் ஏடு மெலியலாம். தெளிவான ஆண்டுக் கோடுகள் விழுவதுகூட எல்லாக் குகைகளிலும் நடப்பதில்லை. ஆகவே தடிப்பை மட்டும் நம்பி மழையைச் சொல்வது சரியான வழி அல்ல என்பதே என் முடிவு. நம்பகமான செய்தி ஏட்டின் தடிப்பில் இல்லை, ஏட்டுக்குள் இருக்கும் ஆக்ஸிஜனில் இருக்கிறது.

கால்சியம் கார்பனேட்டில் ஆக்ஸிஜன் உண்டு. அந்த ஆக்ஸிஜன் பெரும்பாலும் தண்ணீரோடு பரிமாறிக்கொண்டு வந்தது. அதாவது மழையின் ஆக்ஸிஜன். ஆக்ஸிஜன் அணுக்களில் இரண்டு வகையை நாம் இங்கே கவனித்தால் போதும். பெரும்பான்மை எடை 16 உள்ளவை. எடை 18 உள்ள கனத்தவை பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 2,000 மட்டுமே. கடலிலிருந்து நீர் ஆவியாகும்போது இலகுவான அணுவைக் கொண்ட நீர் கொஞ்சம் எளிதாக எழும்புகிறது. மேகம் குளிர்ந்து மழையாகும்போது கனத்த அணுவைக் கொண்ட நீர் முந்திக்கொண்டு விழுகிறது. மேகக்கூட்டம் போகும் வழியெல்லாம் பெய்துகொண்டே போனால், அதில் மிஞ்சும் ஈரத்தில் கனத்த அணு குறைந்துகொண்டே வரும். பருவமழை வலுத்த காலத்து மழைநீர் இலகுவாகவும், வலுவிழந்த காலத்து மழைநீர் சற்றுக் கனமாகவும் இருப்பதன் அடிப்படை இது. அந்த வேறுபாடு மண், பாறை எல்லாவற்றையும் கடந்து குகைத் துளியில் வந்து, கால்சைட் ஏட்டில் பூட்டப்பட்டுவிடுகிறது.

இதைப் படிக்க, பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற நுண்ணிய துளைகருவியால் கல்முளையின் நடுக்கோட்டில் வரிசையாகச் சுரண்டி எடுக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் கிடைப்பது ஒரு சிட்டிகைக்கும் குறைவான வெள்ளைப் பொடி. அதில் அமிலம் விட்டால் பொங்கி வாயு வரும். அந்த வாயுவின் அணுக்களை நிறைமானி எடைவாரியாகப் பிரித்து எண்ணித் தரும்.

இப்போது எந்தக் கல், எந்தக் குகை என்று பார்க்கலாம். மேகாலயாவில் சிரபுஞ்சி என்று நாம் அறிந்த சோரா ஊருக்குப் பக்கத்தில் மாம்லு என்ற குகை இருக்கிறது. காசி மொழியில் குகைக்குக் கிரெம் என்று பெயர். அந்த ஊர்க்காரர்களுக்கு அது கிரெம் மாம்லு. சோராவில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில் 26,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்தது இன்றும் உலகச் சாதனையாக நிற்கிறது. வங்கக்கடலிலிருந்து வங்கதேசச் சமவெளியைத் தாண்டி வரும் பருவக்காற்று முதலில் மோதும் மதில் இந்த மேட்டுநிலம். இந்தியப் பருவமழையின் நாடியைப் பிடித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

அந்தக் குகையிலிருந்து எடுத்த ஒரு கல்முளைக்கு KM-A என்று பெயர். உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றை நிறுத்திவைத்த உயரம்தான். ஆனால் அது வளர எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 9,000 ஆண்டுகள். சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கு 30 ஆண்டு. உலகிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றின் கல், நான் போராவை வைத்துப் போட்ட கணக்கில் வந்ததைவிட மூன்று நான்கு மடங்கு மெதுவாக வளர்ந்திருக்கிறது. மழை கூடினால் கல் வேகமாக வளரும் என்று எண்ண வேண்டாம் என்று முன்பு சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

9,000 ஆண்டு என்று எப்படித் தெரியும்? குகைத் துளியில் மிக நுண்ணிய அளவில் யுரேனியம் கரைந்து வருகிறது. யுரேனியம் சிதைந்தால் காலப்போக்கில் தோரியம் பிறக்கும். யுரேனியம் தண்ணீரில் கரையும்; தோரியம் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு மேலேயே தங்கிவிடும். ஆகவே புதிதாகப் படிந்த கால்சைட் ஏட்டில் யுரேனியம் இருக்கும், தோரியம் இருக்காது. படிந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இன்றைக்கு அந்த ஏட்டில் எவ்வளவு தோரியம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அதன் வயது தெரிந்துவிடும். ஏறத்தாழ ஆறு லட்சம் ஆண்டுவரை இந்தக் கடிகாரம் ஓடும். இளம் கற்களில் வயதை ஒரு சில பத்தாண்டுத் துல்லியத்துக்குச் சொல்ல முடிகிறது.

கடிகாரத்தைக் கெடுப்பது அழுக்கு. வெள்ளத்தில் களிமண் வந்து ஏட்டில் படிந்தால் அதோடு வெளித் தோரியமும் வந்துவிடும். கல் உண்மையைவிடக் கிழடாகத் தெரியும். நல்லவேளையாக, களிமண்ணில் வரும் தோரியத்தில் எடை 232 உள்ள வேறொரு வகையும் சேர்ந்தே வரும். அது யுரேனியத்தின் இந்தச் சிதைவிலிருந்து பிறக்காது. அதைக் கண்டாலே இந்த ஏடு அழுக்கு என்று புரிந்துகொண்டு ஒதுக்கிவிடலாம், அல்லது திருத்திக்கொள்ளலாம். துளி சில நூற்றாண்டு நின்றுபோய் மறுபடி தொடங்கியிருந்தாலும் சிக்கல்தான். இரண்டு ஏடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பழுப்புக் கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோட்டுக்குள் பல தலைமுறைகள் மறைந்திருக்கும். அதனால்தான் ஒரு கல்லில் பல இடங்களில் வயதைப் பார்க்கிறார்கள்.

மாம்லு கல்லில் என்ன தெரிந்தது? ஏறத்தாழ 4,300 ஆண்டுகளுக்கு முன் ஆக்ஸிஜன் மெல்லக் கனக்கத் தொடங்குகிறது. 4,100 ஆண்டுகளுக்கு முன் என்ற இடத்துக்கு வரும்போது சட்டென்று இன்னும் கனக்கிறது. ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் அந்த நிலை முடிகிறது. மாற்றத்தின் அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பத்து லட்சம் ஆக்ஸிஜன் அணுக்களில் 2,000 என்றிருந்த கனத்த அணுக்களோடு இரண்டு மூன்று அணுக்கள் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான். இந்த இரண்டு மூன்று அணுக்களைப் பிடித்துக்கொண்டுதான் பருவமழை நலிந்த ஒரு காலம் 2012-இல் வெளியான ஆய்வில் வெளிப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் எகிப்தின் பழைய அரசும் மெசப்பொத்தேமியாவின் அக்காட் பேரரசும் குலைந்தன என்பது வரலாற்றாசிரியர்கள் அறிந்தது. வேறு கண்டங்களின் ஏரிப் படிவுகளிலும் குகைக் கற்களிலும் அதே காலத்தில் வானிலை மாறிய தடயங்கள் உண்டு. ஆகவே 2018-இல் பன்னாட்டுப் புவியியல் அறிவியல் ஒன்றியம் புவியின் காலக்கணக்கில் ஒரு புதிய எல்லையை அறிவித்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்து 4,250 ஆண்டு பின்னோக்கிப் போனால் வரும் அந்த எல்லையிலிருந்து இன்றுவரையான காலத்துக்கு மேகாலயன் காலம் என்று பெயர். நீங்களும் நானும் வாழ்வது அந்தக் காலத்தில்தான். அதன் எல்லைக்கல் KM-A.

இத்தோடு கதை முடிந்தது என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதே 2018-இல், அதே குகையிலிருந்து எடுத்த வேறு இரண்டு கல்முளைகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. அவற்றில் இந்தச் சில நூற்றாண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, KM-A-வில் இருந்ததைவிட மிக நெருக்கமாக வயதுகளைப் பார்த்தார்கள். ஆக்ஸிஜனையும் ஏறக்குறைய ஆண்டுக்கு ஆண்டு அளந்தார்கள். அவர்கள் கண்டது முந்தைய படத்தோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. ஒரே மூச்சில் நூற்றாண்டுக் கணக்கில் நீண்ட வறட்சி அங்கே தெரியவில்லை. பருவமழை நிலைகுலைந்து ஆடியிருக்கிறது. சில பத்தாண்டுகள் நீடித்த வலுக்குறைந்த காலங்கள் விட்டுவிட்டு வந்திருக்கின்றன. KM-A-வில் இந்தப் பகுதியில் வயது பார்த்த புள்ளிகள் சில மட்டுமே. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கல் ஒரே சீராக வளர்ந்தது என்று வைத்துக்கொண்டே மற்ற வயதுகளைக் கணித்திருந்தார்கள். கல் அப்படிச் சீராக வளர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை.

ஒரு விவசாயக் குடும்பத்தின் கண்ணால் பார்த்தால் இந்த இரண்டு முடிவுகளும் வெவ்வேறு உலகங்கள். இருநூறு ஆண்டு தொடர்ந்து மழை குறைந்தால் ஊரே இடம் பெயர வேண்டியதுதான். இருபது முப்பது ஆண்டு பொய்த்து, பிறகு தேறி, மறுபடி பொய்த்தால், ஒரு தலைமுறை அடிபடும், அடுத்தது எழுந்து நிற்கும், அதற்கடுத்தது மறுபடி அடிபடும். எது நடந்தது என்பதைத் தீர்மானிப்பது ஒரு மில்லிமீட்டர் கல்லில் எத்தனை இடத்தில் வயது பார்த்தோம் என்ற கேள்வி. எனக்கு நெருக்கமாக வயது பார்த்த கற்களின் சொல்லே எடை கூடியதாகப் படுகிறது. ஆனால் காலத்துக்கு வைத்த பெயர் அதனால் தவறாகிவிடாது. எல்லை என்பது ஒரு கல்லில் போட்ட குறி, அந்தக் குறியின் இருபுறமும் என்ன நடந்தது என்பது இன்னும் ஆராயப்படும் செய்தி.

இன்னொரு எச்சரிக்கையும் அதே மலையிலிருந்தே வந்தது. மேகாலயாவில் இன்று பெய்யும் மழையைச் சேகரித்து அதன் ஆக்ஸிஜனை அளந்தபோது, அன்றைக்கு எவ்வளவு பெய்தது என்பதோடு அது நேராக ஒத்துப்போகவில்லை. ஈரம் எவ்வளவு தொலைவிலிருந்து பயணம் செய்து வந்தது என்பதும், மழைக்காலத்தின் பிற்பகுதியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக்கடலில் கொண்டுவந்து கொட்டும் நன்னீரும் அந்த அளவை மாற்றுகின்றன. ஆற்றுநீர் கலந்த கடற்பரப்பிலிருந்து எழும் ஆவி தொடக்கத்திலேயே இலகுவாக இருக்கும். ஆகவே கல்முளையை மழைமானி போல வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு சோராவில் இத்தனை மில்லிமீட்டர் என்று படித்துவிட முடியாது. அது சொல்வது பருவக்காற்று முழுவதுமாக எவ்வளவு வலுவோடு வீசியது, எங்கிருந்து வந்தது என்பதை. அதற்கு மேல் கேட்டால் கல் சொல்லாததை நாம் சொல்லவைக்கிறோம் என்று பொருள்.

கல் பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு பழைய சோதனை உண்டு. ஒரே ஏட்டில் நடுவிலிருந்து ஓரம்வரை பல புள்ளிகளில் சுரண்டிப் பார்ப்பார்கள். ஒரே காலத்தில் படிந்த ஏடு என்பதால் எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு வர வேண்டும். ஓரத்தை நோக்கிப் போகப் போக ஆக்ஸிஜன் கனத்துக்கொண்டே போனால், மழையின் கையெழுத்தின் மேல் குகைக்குள் நடந்த ஏதோ ஒன்று, நீர் ஆவியானதோ வாயு அவசரமாக வெளியேறியதோ, தன் கையெழுத்தையும் போட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் மெல்லிய ஏட்டின் ஓரத்தைச் சரியாகப் பிடித்துச் சுரண்டுவது எளிதல்ல என்பதால் இந்தச் சோதனையை மட்டும் யாரும் நம்பி நிற்பதில்லை. இதைவிட உறுதியான சாட்சி இரண்டாவது கல். வெவ்வேறு துளிகளுக்குக் கீழே வளர்ந்த இரண்டு கல்முளைகள் ஒரே காலத்தில் ஒரே ஏற்ற இறக்கத்தைக் காட்டினால், அது குகையின் தனிப்பட்ட சமாச்சாரம் அல்ல, மேலே வானத்தில் நடந்தது என்று நம்பலாம்.

இரண்டாவது கல் வேண்டுமென்றால் அது குகையில் இருக்க வேண்டும். மாம்லு குகையை ஒட்டியே சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்தார்கள்; குகையின் ஒரு பகுதிக் கூரை இடிந்து விழுந்துவிட்டது. அங்கே நின்ற கற்களில் என்னென்ன ஆண்டுகள் இருந்தன என்று இனி யாரும் படிக்க முடியாது. சுற்றுலாக் குகைகளில் அழிவு வேறு விதமாக வருகிறது. நினைவுக்காக நுனியை உடைத்து எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உடைக்காதவர்களும் தடவிப் பார்க்கிறார்கள். நம் தோலின் எண்ணெய்ப்பசை ஒட்டிய இடத்தில் தண்ணீர் சரியாகப் பரவாது, கால்சைட் படிவது தடைபடும், கல் அங்கே கறுத்துப்போகும். ஆய்வுக்காக எடுப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. முன்பே உடைந்து கீழே கிடப்பதை முதலில் பார்ப்பது, ஓரமாகச் சிறிய துளை போட்டு வயதைப் பார்த்துவிட்டுத் தேவையான காலம் இருந்தால் மட்டும் எடுப்பது என்ற வழக்கம் இப்போது பல குழுக்களிடம் இருக்கிறது. எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

போரா குகைக்கோ பேலம் குகைக்கோ போகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தலை ஈரமாகப் பளபளக்கும் கல்முளையைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு துளி விழும்வரை நின்று பாருங்கள். ஈரம் இருக்கிறது என்றால் அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த ஆண்டு பெய்த மழை அதில் இப்போதுதான் படிந்துகொண்டிருக்கிறது. மாம்லுவின் KM-A வளர்வதை நிறுத்தி மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அது இப்போது லக்னோவில் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.